சுமார் 500 குடும்பங்கள்: பஸ் கேட்டு எழுதும் கடிதத்தை வாசிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் பஸ் வசதி கேட்டு ஒரு கடிதமாவது எழுதாமல் தப்பித்திருக்க முடியாது. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ போட்டு, உறைமேல் முகவரிக்கு ஒரு கட்டமும் வரைந்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஊர் எது, பஸ் எங்கிருந்து எங்கே போகணும் என்று வாத்தியார் கேட்கமாட்டார். எல்லா ஊரும் ‘அஆஇ’ ஊர்தான்.

அந்தக் கடிதத்தை ஒரு இலக்கிய வடிவம் மாதிரி எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுதினால் என்ன என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. கவிதைக்கும் கதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு ஊரே கூடி எழுதி, ஐம்பது அறுபது பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கிற ஒரு பிரதியை ஏன் விட்டுவிடணும்? கள்ளக்குறிச்சிப் பக்கம், குறிப்பாகக் கல்வராயன் மலையிலிருந்து, இப்படிப்பட்ட மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைப் படித்தால் மற்றதைப் படித்த மாதிரிதான் இருக்கும். என் புகாரும் அதுதான்.

முதலில் முகவரி. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். அந்த வருஷம்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை ஊர்க்காரர் ஆட்சியருக்கு மனு கொடுக்கணும்னா தென்னாற்காடு மாவட்டத் தலைநகரான கடலூருக்குப் போகணும். 1993-இல் அது விழுப்புரம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் தூரம் குறைந்தது. பெறுநர் இடத்தில் ஊர்ப் பெயர் இரண்டு தடவை மாறியிருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிற வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த வாசகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் சுமார் இத்தனை குடும்பங்கள் வசிக்கின்றன. மாணவ மாணவியர், முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் மிகவும் அவதிப்படுகிறார்கள். பொதுமக்கள் நலன் கருதிப் பேருந்து வசதி செய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இதில் பொய் ஒன்றுமில்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறொரு ஊரின் பெயரை வைத்தால் அங்கேயும் அப்படியே பொருந்திவிடுகிறது. ஒரு கடிதம் தன் ஊரையே தொலைத்துவிட்ட பிறகு, அதைப் படிக்கிறவருக்கு அந்த ஊர் எப்படித் தெரியும்?

எங்கள் உறவில் ஒரு சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பிறகு டைம் கீப்பராகி ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி மனு எப்படி இருக்கும்னு அவரிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். “ஏம்பா, ஊர்ல எத்தன பேரு இருக்காங்கன்னு எனக்கு எதுக்கு? எத்தன பேரு, எத்தன மணிக்கு, எங்க ஏறி எங்க எறங்குவாங்கன்னு சொல்லு. அத விட்டுட்டு ஐந்நூறு குடும்பம்னா நான் என்ன பண்றது?”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். கடிதம் மக்கள்தொகையை எண்ணுகிறது, பஸ் பயணங்களை எண்ணுகிறது. இரண்டும் ஒரே எண்ணிக்கை இல்லை.

ஆட்சியருக்கு ஏன் எழுதுகிறோம்?

பஸ் ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். ஆட்சியரிடம் பஸ் கிடையாது. அப்புறம் ஏன் அவருக்கு எழுதுகிறோம் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எல்லாருக்கும் தெரியும்: மாவட்டத்தில் எந்தத் துறைக்கான மனுவையும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவரிடம் கொடுக்கலாம், அவர் அலுவலகம் அதற்கு ஒரு எண் போட்டு உரிய துறைக்கு அனுப்பும். இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பஸ்களுக்கான தட உரிமம், அதாவது பர்மிட் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்று ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்தில் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அவருக்குக் கீழே அந்த வேலையைப் பார்க்கிறார். ஆக, பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பெறுநர் சரியான பெறுநர்தான்.

‘பொதுமக்கள் நலன்’ என்ற சொற்றொடருக்கும் இதே மாதிரி ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பஸ்ஸுக்கு பர்மிட் கொடுக்கும் முன் ஆணையம் எதையெல்லாம் பார்க்கணும் என்று பட்டியல் போட்டது. பொதுவாக மக்களின் நலன். அந்த பஸ்ஸால் வரும் நன்மை, அதிலும் குறிப்பாக மிச்சமாகும் நேரம், நடுவில் வண்டி மாறாமல் போகிற வசதி. ஏற்கெனவே ஓடும் வண்டிகள் போதுமா என்பது. குறிப்பிட்ட ஒரு ஊருக்கோ பகுதிக்கோ கிடைக்கும் பலன். சாலையின் நிலை. இவற்றோடு, அந்த பர்மிட்டைக் கேட்கிறவர் வேறு என்ன வண்டிகள் ஓட்டுகிறார் என்பதையும் பார்க்கச் சொன்னது. 1988-இல் வந்த புதுச் சட்டத்தில் இந்தப் பட்டியல் இல்லை.

அந்தப் பட்டியலை இன்றைக்குப் படித்தால் எனக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. சட்டம் ‘நலன்’ என்ற பொதுச்சொல்லோடு நிற்கவில்லை. அதை உடைத்து, நேரம், வண்டி மாறுதல், வேறு வண்டி உண்டா, இந்த ஊருக்கு என்ன கிடைக்கும், ரோடு எப்படி என்று அளந்து பார்க்கக்கூடிய கேள்விகளாக ஆக்கியிருக்கிறது. நம் கடிதம் அதில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. வழக்கொழிந்த சட்டமானாலும், நல்ல கடிதத்துக்கு அதைவிடச் சிறந்த வாய்ப்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உண்மையான ஊர் எதையும் இழுக்க வேண்டாம். கணக்குக்காக மலையில் ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். 120 வீடு, 480 பேர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு வருகிற பஸ் அங்கேயே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து இந்த ஊர் 7 கி.மீ. வழக்கமான கடிதம் என்ன எழுதும்? “480 பேர் பாதிக்கப்பட்டுள்ளனர், தினமும் நான்கு முறை பஸ் விட வேண்டும்.”

இப்போது சித்தப்பாவின் கேள்வியை வைத்து வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். மேல்நிலைப் பள்ளிக்கு வெள்ளிமலை போகும் பிள்ளைகள் 14 பேர். கூலி வேலைக்குப் போகிறவர்கள் 18 பேர். ஆஸ்பத்திரி, வங்கி, தாலுகா ஆபீஸ், சந்தை என்று சராசரியாக நாளைக்கு 12 பேர். மொத்தம் 44 பேர். போக ஒன்று, வர ஒன்று, 88 பயணங்கள்.

480 எங்கே, 44 எங்கே! எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று ஊர்க்காரர்களுக்குப் பயம் வரும். ஆனால் கழகம் எப்படிப் பார்க்கும் என்று கவனியுங்கள். நான்கு முறை வந்து போனால் எட்டு நடை. 88-ஐ எட்டால் வகுத்தால் நடைக்கு 11 பேர். பெரிய வண்டியில் 11 பேர் என்றால், ‘போதிய வருவாய் இல்லை’ என்ற பதில் தயாராக இருக்கும். அதே 88 பயணத்துக்கு, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மட்டும் கேட்டால் நான்கு நடை. நடைக்கு 22 பேர். அதிலும் காலையில் இறங்கும் நடையிலும் மாலையில் ஏறும் நடையிலும்தான் கூட்டம் முழுக்க இருக்கும்.

அடுத்தது, எதைக் கேட்கிறோம் என்பது. ‘புதிய பேருந்து’ கேட்டால் ஒரு வண்டி, அதற்கு ஓட்டுநர், நடத்துநர் எல்லாம் புதிதாகத் தேடணும். ‘வெள்ளிமலையில் திரும்புகிற வண்டியை எங்கள் ஊர்வரை நீட்டியுங்கள்’ என்று கேட்டால், நான்கு நடைக்கு 7 கி.மீ. வீதம் நாளொன்றுக்கு 28 கி.மீ. கூடுதல். அவ்வளவுதான். புதுப் பஸ்ஸை மறுக்க ஒரு வரி போதும். 28 கிலோமீட்டரை மறுக்க ஒரு காரணம் சொல்லியாகணும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, இரவு தங்கல் வண்டி. கடைசி நடையாக ஊருக்கு வந்து அங்கேயே நின்று, விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்பும். மலை ஊருக்கு இதுதான் ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் காலை வண்டி கீழேயிருந்து காலியாக ஏறி வர வேண்டியதில்லை. ஆனால் வண்டி திருப்ப இடம் வேணும், ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க ஒரு அறையும் கழிப்பறையும் வேணும். “எங்க ஊர் சமுதாயக் கூடத்துல ஒரு ரூம் ஒதுக்கித் தர்றோம்” என்று ஒரு வரி சேர்த்த கடிதத்தை நான் பார்த்ததில்லை. கேட்கிற கடிதத்தில் கொடுக்கிற வரி ஒன்று இருந்தால் அதைப் படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள், அதனால் அவர்களைக் கணக்கில் சேர்த்துப் பயனில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணத்தில் அவர்களுக்கும் டிக்கெட் கிழிக்கப்படுகிறது, அந்தத் தொகையை அரசு கழகத்துக்கு ஈடு செய்கிறது. ஆனால் அந்தச் சலுகை அடிப்படையில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கானது. ஆகவே எந்த வகை வண்டி வேண்டும் என்பதையும் கடிதம் சொல்லணும். வகையைச் சொல்லாமல் விட்டு, புறநகர் வண்டி வந்து சேர்ந்தால், கூலிக்குப் போகும் பெண் தன் நாள் சம்பளத்தில் ஒரு பகுதியை டிக்கெட்டுக்குக் கொடுக்கணும்.

எண்ணிக்கையில் வராதவர்கள்

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஆபீஸ் பக்கம் நின்று சொன்னது. இப்போது கட்சி மாறுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணிக்கை முறையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது.

மேலே 14 பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றேன். பஸ் இல்லாததால் போகாமல் நின்றவர்கள் எங்கே? எட்டாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளை அந்த 14-இல் இல்லை. நடக்க முடியாததால் சுகர் மாத்திரை வாங்கப் போகாமல் விட்ட தாத்தா அந்த 12-இல் இல்லை. இன்றைக்குப் போகிறவர்களை மட்டும் எண்ணினால், பஸ் இல்லாமையால் அதிகம் இழந்தவர்கள்தான் முதலில் கணக்கிலிருந்து விழுகிறார்கள். போக வழியில்லாததால் போகவில்லை. போகிறவர் குறைவு என்பதால் வழி செய்யவில்லை. இந்த வட்டம் சமவெளியில் அவ்வளவாகக் கடிக்காது. அங்கே மெயின் ரோட்டுக்கு நடந்துபோனால் ஷேர் ஆட்டோவாவது கிடைக்கும். மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கும், அடுத்த ஊர் ஒரு பள்ளத்தைத் தாண்டி இருக்கும். எந்தக் கணக்கிலும் மலை ஊர் சமவெளி ஊரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

‘முதியோர், கர்ப்பிணிகள், மாணவியர்’ என்ற வழக்கமான வரி இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்திருக்கணும். எண்ணிக்கையில் வராதவர்களை வகையாகச் சொல்லிவிடுவது. ஆனால் வகையாகச் சொன்னதும் அவர்கள் மறுபடியும் மறைந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில், பயணங்களை எண்ணிய அதே நோட்டில் நின்றுபோனவர்களையும் எண்ணலாம். கடந்த ஐந்து வருஷத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சேராதவர்களில் பெண்கள் எத்தனை பேர். பள்ளித் தலைமையாசிரியரிடம் இந்தக் கணக்கு இருக்கும். உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனவர்களைத் தனியாகக் கழித்துவிட்டால் மீதி என்ன என்று தெரிந்துவிடும். இது பரிதாபத்துக்கான வரி இல்லை. ‘போதிய வருவாய் இல்லை’ என்ற பதிலுக்கு எதிராக வைக்கக்கூடிய ஒரே எண் இது.

இங்கே ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்கிறேன். தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு கொரோனா காலத்தில் நின்ற பஸ் திரும்ப வரவேயில்லை. எட்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி 2021-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கே கடிதம் எழுதினாள். அம்மாவின் வருமானத்தில் தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்க முடியவில்லை, தானும் உடன்பிறந்தவர்களும் பள்ளிக்கூடம் போகச் சிரமப்படுகிறோம் என்பதுதான் விஷயம். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த என்.வி. ரமணா அதைப் போக்குவரத்துக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார், பஸ் மறுபடி ஓடியது.

இதை ஒரு வெற்றிக் கதையாக எல்லாரும் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, அந்தக் கடிதத்தில் ‘சுமார்’ இல்லை. ஒரு வீடு, ஒரு வருமானம், ஒரு ஆட்டோ செலவு. இரண்டு, அது போன இடம் பஸ் விடுகிற இடமே இல்லை. சரியான முகவரிக்கு எழுதிய எத்தனையோ கடிதங்கள் கிடப்பில் கிடக்க, நாட்டின் மிகப் பெரிய நீதிபதிக்குப் போன கடிதம் வேலை செய்தது. அதைப் பார்த்து எல்லாரும் தலைமை நீதிபதிக்கு எழுத முடியாது. கல்வராயன் மலைக்கும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான், மலைமக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது, ரோடு உட்பட அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. திங்கட்கிழமை மனுவில் தெரியாத ஊர், சாவுச் செய்தியில்தான் தெரிந்தது.

பஸ் கடிதத்துக்குள் ஒரு ரோடு கடிதம்

மலை ஊர்கள் எழுதும் கடிதத்தில் இன்னொரு குறையும் உண்டு. பஸ் கேட்கிறார்கள், ஆனால் தடை பல சமயம் பஸ் இல்லை, ரோடு. வளைவில் பஸ் திரும்புமா, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் உண்டா, மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்குமா என்று பார்த்துவிட்டுத்தான் தடத்தை அனுமதிப்பார்கள். ‘சாலை பேருந்து இயக்கத் தகுதியாக இல்லை’ என்று பதில் வந்தால் கழகத்துக்குத் திரும்பத் திரும்ப மனு போட்டுப் பிரயோஜனமில்லை. ரோடு யாருடையது என்று பார்க்கணும். ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, இல்லை காப்புக்காட்டுக்குள் போகிறதா?

காட்டுக்குள் போகிறது என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு தட்டு மண்கூடக் கொட்ட முடியாது. இங்கேதான் ஊருக்குக் கையில் ஒரு பிடி கிடைக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, காட்டில் வாழும் மக்களுக்காக அரசு செய்யும் சில வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய் என்று போகும் அந்தப் பட்டியலில் ரோடும் இருக்கிறது. நிபந்தனை என்னவென்றால் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் கீழே இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஐம்பது பேர் கையெழுத்து போட்ட மனு ஒரு வேண்டுகோள். கிராம சபைத் தீர்மானம் சட்டம் கேட்கிற ஒரு ஆவணம். கையெழுத்து வாங்கிய அதே ஐம்பது பேர் ஆகஸ்ட் 15 கிராம சபையில் உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை மனுவோடு வைத்தால் கடிதத்தின் எடையே வேறு.

ஒரு ஹெக்டேர் என்பது பெரிய அளவு இல்லை என்பதையும் சொல்லிவிடணும். 5 மீட்டர் அகல ரோடு என்றால் 2 கி.மீ. நீளத்திலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதற்கு மேல் காட்டுக்குள் போகிற ரோடு என்றால் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீண்ட வழியில்தான் போகணும். அப்படிப்பட்ட ஊர், பெரிய பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மினி பஸ் கேட்பது நல்லது. 2025-இல் வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத ரோடாக இருக்கணும். ஆனால் அதை ஓட்டுவது தனியார். யாராவது பர்மிட் கேட்டு முன்வரணும். எனவே அங்கேயும் “ஐந்நூறு குடும்பம்” செல்லாது, “காலை எட்டு மணிக்கு முப்பத்திரண்டு பேர்” தான் செல்லும்.

இன்னொரு சிக்கல் கல்வராயனுக்கே உரியது. மலை ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. கிழக்கே வெள்ளிமலை கள்ளக்குறிச்சியில், மேற்கே கருமந்துறை சேலத்தில். கழகமும் விழுப்புரம் ஒன்று, சேலம் ஒன்று. எல்லையோர ஊருக்குச் சந்தை கருமந்துறையில் இருக்கலாம், தாலுகா ஆபீஸ் வெள்ளிமலையில் இருக்கலாம். அந்த ஊர் ஒரு ஆட்சியருக்கு மட்டும் எழுதினால் பாதிப் பயணத்துக்குத்தான் எழுதுகிறது. நகல் இன்னொரு ஆட்சியருக்கும் இரண்டு கழகத்துக்கும் போகணும்.

திருத்தி எழுதினால்

விமர்சகன் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான் என்ற பழி வேண்டாம். மேலே சொன்ன கற்பனை ஊருக்கு நான் எழுதியிருந்தால் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்திருக்கும்:

“வெள்ளிமலை வரை வரும் பேருந்தை எங்கள் ஊர் வரை 7 கி.மீ. நீட்டித்து, காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தினமும் இருமுறை நகரப் பேருந்தாக இயக்க வேண்டுகிறோம். ஊரிலிருந்து தினமும் 44 பேர் சென்று வருகிறார்கள். வீடுவாரியாக எடுத்த கணக்கு இணைப்பு 1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எட்டாம் வகுப்புக்குப் பின் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் எண்ணிக்கை, பள்ளிப் பதிவேட்டின்படி, இணைப்பு 2. சாலை ஒன்றியத்துக்கு உரியது. இரண்டு வளைவுகளை அகலப்படுத்த வேண்டும், அதற்கான கிராம சபைத் தீர்மானம் இணைப்பு 3. வண்டி திருப்ப இடமும், இரவு தங்கினால் பணியாளர்களுக்கு ஓர் அறையும் ஊர் சார்பில் தருகிறோம். இயக்க இயலாது எனில், காரணம் சாலையா, வண்டியா, வருவாயா என்பதைக் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

கடைசி வரியைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. ரோடு என்றால் ஒன்றியத்துக்கோ வனத்துறைக்கோ போகலாம், வருவாய் என்றால் நடையைக் குறைத்துக் கேட்கலாம், வண்டி இல்லை என்றால் மினி பஸ் கேட்கலாம். பதிலே வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எங்கள் தடத்தை ஆய்வு செய்த அறிக்கையின் நகலைத் தாருங்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும். ஆய்வே நடக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

சித்தப்பாவிடம் இதையும் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். “எட்டு மணின்னு போட்டிருக்க. பள்ளிக்கூடம் ஒம்போதே காலுக்கு. ஏழு கிலோமீட்டர் மலையில எறங்க அரை மணிக்கூரு. எட்டே காலு போடு, பிள்ளைங்க சாப்பிட்டு வரட்டும்” என்றார். நான் திருத்திக்கொண்டேன்.